ஷார்ட்ஸ் பார்த்துத்தான் வாங்கினார்கள், கமிஷன் ஏன் வரவில்லை?

விற்பனைக்கு இவ்வளவு சதவீதம் கமிஷன் என்று பேசி ஷார்ட்ஸ் எடுத்துக் கொடுப்பவர்களில், எடுத்தபின் ஏமாந்து நிற்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். வீடியோ நன்றாக ஓடியிருக்கும், பொருளும் விற்றிருக்கும், கணக்கு கேட்டால் மட்டும் "உங்கள் மூலம் வந்த ஆர்டர் எதுவும் சிஸ்டத்தில் இல்லையே" என்பார்கள். பெரும்பாலும் அது பொய்கூட இல்லை. வீடியோவில் சொன்ன வாசகத்தில் எண்ணிப் பார்க்கும்படி எதுவும் இருக்காது, அவ்வளவுதான்.

ஒப்பந்தத்தின் முன்னுரையை விட்டுவிடுங்கள். உங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு வரி: எது "உங்கள் விற்பனை" என்று கணக்கில் வரும்? உங்கள் லிங்க் வழியாக வந்ததா, உங்கள் கூப்பன் கோட் போட்டு வாங்கியதா, இரண்டில் ஏதாவது ஒன்றா? இதைத் தெளிவாக எழுதி வாங்காமல் கேமராவைத் தொடாதீர்கள்.

வழக்கமாகப் பேசுவது இப்படி இருக்கும்: "செம ஆஃபர் போயிட்டிருக்கு, பாதி விலைதான், லிங்க் டிஸ்கிரிப்ஷன்ல இருக்கு, சீக்கிரம் வாங்கிடுங்க." யூடியூப் ஷார்ட்ஸின் விவரக்குறிப்பிலும் கமென்டிலும் போடும் லிங்க், 2023 ஆகஸ்ட் இறுதியிலிருந்து கிளிக் ஆவதில்லை. பார்த்தவர் தேடுபொறிக்குப் போய்ப் பொருளின் பெயரைத் தட்டி வாங்குவார். விற்பனை நடக்கும், உங்கள் பெயரில் ஏறாது. அதனால் ஷார்ட்ஸைப் பொறுத்தவரை நான் நம்புவது வாயால் சொல்லி, திரையிலும் காட்டும் கோடைத்தான்.

ஒரு பையை எடுத்துக்கொள்வோம். விலை 1,200, சலுகை 25 சதவீதம். "25 சதவீதம் தள்ளுபடி" என்று மட்டும் சொன்னால் கேட்பவர் மனதில் தொகை நிற்காது. "1,200 விலையுள்ள பை, BAG25 என்று போட்டால் 900. முதல் முறை வாங்குபவர்களுக்கு மட்டும், 30-ஆம் தேதி இரவு வரை, டெலிவரி கட்டணம் தனி" என்று சொல்லுங்கள். நீளமாகத்தான் இருக்கிறது, வேண்டுமானால் கடைசிப் பகுதியைத் திரையில் எழுத்தாகப் போடுங்கள், ஆனால் விடாதீர்கள். அந்தக் கட்டணத்தைச் சொல்லாமல் விட்டால் கடைசிப் பக்கத்தில் 900 வேறு ஏதோ தொகையாக நிற்கும், ஆள் போய்விடுவார், கோட் கணக்கில் ஏறாது.

"முதல் முறை வாங்குபவர்" என்பதுதான் பெரிய பொறி. ஏற்கெனவே வாடிக்கையாளராக இருப்பவர் கோட் போட்டால் "செல்லாது" என்று வரும், அவர் கோடை அழித்துவிட்டு முழு விலைக்கே வாங்கினாலும் உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது. பழைய வாடிக்கையாளருக்கும் செல்லும் சிறிய சலுகையுடன் இன்னொரு கோட் கேளுங்கள். கொடுக்க மறுத்தால் அந்த நிபந்தனையை வீடியோவின் முதல் நொடிகளிலேயே சொல்லிவிடுங்கள்.

கோடில் O-வும் 0-வும் வேண்டாம், I-யும் 1-ம் வேண்டாம். காதால் கேட்டுத் தட்டுகிறவர் தப்பாகத் தட்டுவார். இரண்டு ஷார்ட்ஸ் போட்டால் இரண்டு கோட். பையைத் திறந்து காட்டுவதற்கு BAG25, மழையில் நனைத்துக் காட்டுவதற்கு WET25. சலுகை இரண்டிலும் ஒன்றாகவே இருக்கட்டும். விலையையும் மாற்றி வீடியோவையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இன்ஸ்டாகிராம் ப்ரொஃபைல் லிங்க் மாதிரி கிளிக் ஆகும் இடம் இருந்தால் வாங்கியவர் எந்த வீடியோவிலிருந்து வந்தார் என்று காட்டும் இந்தக் குறிப்பையும் லிங்கின் வாலில் சேர்க்கச் சொல்லுங்கள்:

```
?utm_source=instagram&utm_medium=reels&utm_campaign=bag&utm_content=wet25
```

எல்லாம் சிறிய எழுத்தில். `Reels` என்றும் `reels` என்றும் கலந்து போட்டால் கூகுள் அனலிட்டிக்ஸில் இரண்டு தனி வரிகளாகப் பிரியும். அப்புறம் அதை வைத்தே உங்கள் எண்ணிக்கை குறைவு என்பார்கள்.

"பழைய விலை 2,400, இப்போது 1,200" என்று அடித்துக் காட்டச் சொன்னால், உண்மையில் அந்த விலைக்கு எப்போது விற்றார்கள் என்று கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் தள்ளுபடி அறிவித்தால், பொதுவாக அதற்கு முந்தைய 30 நாட்களில் இருந்த மிகக் குறைந்த விலையையே பழைய விலையாகக் காட்ட வேண்டும். வீடியோவில் பொய் சொல்வது உங்கள் முகம்.

இனி அலைக்கழிப்பு. விற்பனையாளரைக் கேட்டால் "டிராக்கிங் வேறு கம்பெனி" என்பார், அவர்களைக் கேட்டால் "விற்பனையாளர்தான் உறுதி செய்ய வேண்டும்" என்பார்கள், நடுவில் "நிலுவை" என்ற சொல் மட்டும் திரையில் மாறாமல் இருக்கும். "நிறைய பேர் பார்த்தார்கள், அதற்கேற்ப விற்கவில்லை" என்றும் மடக்குவார்கள். 2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே ஒரு வியூ, திரும்ப ஓடினால் இன்னொன்று. அந்த எண்ணை வைத்து விற்பனையை வகுக்க விடாதீர்கள்.

நீங்கள் கேட்க வேண்டியது கோட் வாரியான ஆர்டர் பட்டியல்: தேதி, தொகை, ரத்தானதா, திருப்பி அனுப்பியதா. வாங்கியவர் பெயர் வேண்டாம், அதைக் காரணம் காட்டித்தான் தட்டிக் கழிப்பார்கள். வீடியோவைப் போடும் முன்பே நீங்களே கோடைப் போட்டு 900 வருகிறதா என்று பார்த்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், சலுகை முடியும் நாளில் இன்னொன்று. பட்டியல் தர மாட்டோம் என்றால் அடுத்த வீடியோவுக்குக் கமிஷன் பேச்சே வேண்டாம், நிலையான தொகையை முன்பணமாகக் கேளுங்கள்.