ஜூலையில் முளைத்த 88,140 ரூபாய்

நண்பர் ஒருவர் 2025 அக்டோபரில் வேலை மாறினார். அதுவரை மாதம் ஒரு லட்சம், புது கம்பெனியில் 1,40,000. இரண்டு இடத்திலும் ஒரு பைசா டிடிஎஸ் பிடிக்கவில்லை, மனிதர் குஷியாக இருந்தார். ஜூலையில் ரிட்டர்ன் போட உட்கார்ந்தபோதுதான் 88,140 ரூபாய் வரி கட்டணும், அதுக்கு மேல வட்டி வேற என்று வந்தது.

இரண்டு கம்பெனியும் தப்பு செய்யவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. டிடிஎஸ் என்பது வரி அல்ல, வரி எவ்வளவு வரும் என்று கம்பெனி போடும் மதிப்பீடு. பழைய கம்பெனி, இவர் மார்ச் வரை இருப்பார் என்று நினைத்து வருடத்துக்கு 12 லட்சம் என எடுத்து, நிலையான கழிவு 75,000-ஐக் கழித்தது. மீதி 11.25 லட்சம். புதிய வரி முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் வரி பூஜ்யம். புது கம்பெனிக்குத் தெரிந்ததோ தான் தரும் ஆறு மாதச் சம்பளம் 8.4 லட்சம் மட்டும், அதிலும் இன்னொரு முறை 75,000-ஐக் கழித்தது, அங்கேயும் பூஜ்யம்.

வருமான வரித் துறைக்கு இவர் ஒரே ஆள். மொத்தம் 14.4 லட்சம், கழிவு ஒரே ஒரு முறை, ஆக 13.65 லட்சம். 12 லட்சத்தைத் தாண்டியதால் தள்ளுபடி போச்சு. முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை, அடுத்த 4 லட்சத்துக்கு 20,000, அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 40,000, மிச்சம் 1.65 லட்சத்துக்கு 15 சதவீதம் என்று 24,750. கூட்டினால் 84,750, அதன் மேல் 4 சதவீத செஸ்.

பிடித்தம் போக வரி 10,000 ரூபாயைத் தொட்டாலே அதை வருடத்துக்குள் முன்கூட்டியே தவணையாகக் கட்டியிருக்க வேண்டும். கட்டாததால் 234B, 234C என்ற பிரிவுகளில் மாதம் ஒரு சதவீதக் கணக்கில் வட்டி. ஜூலையில் கட்டிய இவருக்கு ஏறக்குறைய 8,000 ஆனது.

சேர்ந்த கையோடு பழைய சம்பள விவரத்தை 12B படிவத்தில் கொடுத்திருந்தால் புது கம்பெனி அதே வரியை மாதம் 14,690 வீதம் பிடித்திருக்கும். எச்.ஆர். கேட்காமலும் விடலாம், நாமாகத்தான் கொடுக்கணும். மாட்டியிருக்கிறோமா என்று பார்க்க, இரண்டு கம்பெனியின் வரிக் கணக்குத் தாளையும் பக்கத்தில் வையுங்கள். புது கம்பெனியின் தாளில் பழைய சம்பளம் சேராமலேயே 75,000 மறுபடி கழிந்திருந்தால் மாட்ட வாய்ப்பு உண்டு.

இதே குருட்டுக் கணக்கு எதிர்ப்பக்கமும் வேலை செய்யும். வேறு வருமானமே இல்லாத அவருடைய தங்கைக்கு எஃப்டி வட்டி 80,000 வந்தது. வங்கி அதில் 10 சதவீதம், 8,000-ஐப் பிடித்துக்கொண்டது. வரியே இல்லாதவர் என்பது வங்கிக்கு எப்படித் தெரியும்? ரிட்டர்ன் போட்டார், 8,000-மும் ரீஃபண்டாக வந்துவிட்டது, கூடவே மாதம் அரை சதவீத வட்டியும். நம்மிடம் ஒன்று, நமக்கு அரை!