சப்வூஃபரும் மானிட்டரும் சேரும் இடத்தில் விழும் பள்ளம்

ஒரு பேஸ் கிட்டார் வரி 55 ஹெர்ட்ஸில் தொடங்கி மேலே ஏறுகிறது. அடுத்த சுரம் 65, அதற்கடுத்தது 73, பிறகு 82, கடைசியாக 98. முதல் சுரம் நெஞ்சில் வந்து இடிக்கிறது. இரண்டாவது கொஞ்சம் தளர்கிறது, 82-க்கு வரும்போது யாரோ கம்பியைக் கையால் அமுக்கிவிட்டது போல ஒலி காணாமல் போகிறது. 98-இல் மெல்லத் திரும்பி வருகிறது. வாசித்தவர் எல்லாச் சுரங்களையும் ஒரே அழுத்தத்தில்தான் வாசித்திருந்தார்.

என் சிறிய ஸ்டுடியோவில், மானிட்டர்கள் எனப்படும் ஸ்பீக்கர்களோடு, தாழ்ந்த ஒலிக்கென்றே இருக்கும் தனி ஸ்பீக்கரான சப்வூஃபரை முதன்முதலாக வைத்தபோது கேட்டது இதைத்தான். பேஸ் குறைவாக இருக்கிறது என்று நினைத்து மிக்ஸில் 80 ஹெர்ட்ஸ் பக்கம் 5 டெசிபல் ஏற்றினேன். அந்த மிக்ஸைக் காரில் போட்டால் 73, 82 ஆகிய இரண்டு சுரங்கள் மட்டும் குமுறின. குறை பாட்டில் இல்லை, சப்பும் மானிட்டர்களும் கை மாற்றிக்கொள்ளும் இடத்தில் இருந்தது.

அந்த இடம்தான் கிராஸ்ஓவர். 80 ஹெர்ட்ஸ் என்று வைத்தால், அதற்குக் கீழே உள்ளதை சப் எடுத்துக்கொள்ளும், மேலே உள்ளதை மானிட்டர்கள் எடுத்துக்கொள்ளும். ஆனால் எந்த ஃபில்டரும் கத்தியால் வெட்டியது போல நிற்காது, சரிவாகத்தான் இறங்கும். ஸ்டுடியோ சப்களில் அதிகம் பயன்படுவது சீக்ஃபிரீட் லிங்க்விட்ஸ், ரஸ் ரைலி இருவரின் பெயரால் வழங்கும் சரிவு. ஓர் ஆக்டேவுக்கு 24 டெசிபல் இறங்கும். இந்தச் சரிவில் கிராஸ்ஓவர் புள்ளியில் சப்பும் மானிட்டரும் ஆளுக்கு 6 டெசிபல் குறைந்திருக்கும், அதாவது ஆளுக்குப் பாதி அழுத்தம். இரண்டு பாதிகளும் ஒரே நேரத்தில் காதுக்கு வந்தால் முழுமை கிடைக்கும். கோளாறு அந்த ‘ஒரே நேரத்தில்’ என்பதில்தான் வருகிறது.

ஊஞ்சலை இரண்டு பேர் ஆட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். இருவரும் ஒரே தருணத்தில் ஒரே திசையில் தள்ளினால் ஊஞ்சல் நன்றாக எழும்பும். ஒருவர் தள்ளும்போது மற்றவர் அதே பலத்தோடு இழுத்தால், இருவரும் வேலை செய்துகொண்டே இருப்பார்கள், ஊஞ்சல் அசையாது. 82 ஹெர்ட்ஸ் சுரத்துக்கு என் அறையில் நடந்தது இதுதான். சப்பும் முழு மூச்சாக வேலை செய்தது, மானிட்டர்களும் செய்தன. என் காது இருக்கும் இடத்தில் மட்டும் ஒன்றை மற்றொன்று அழித்துவிட்டது. ஈக்வலைசரில் ஏற்றினால் இரண்டும் சேர்ந்தே ஏறும், அழிவும் கூடவே ஏறும். அதனால்தான் என் 5 டெசிபல் அறையில் பயன்படவில்லை.

ஒரு முழு அலையை 360 டிகிரி என்று கணக்கு வைத்தால், இரண்டு ஒலிகளும் எவ்வளவு முன்பின்னாக வருகின்றன என்பதை டிகிரியில் சொல்லலாம். ஃபேஸ் என்பது அதுதான். டிகிரி என்றதும் மிரள வேண்டாம், அதற்குப் பின்னால் இருப்பது வெறும் நேரம். 80 ஹெர்ட்ஸில் ஓர் அலை முடிய 12.5 மில்லிசெகண்ட் ஆகும். அதற்குள் ஒலி சுமார் 4.3 மீட்டர் ஓடிவிடும். என் அறையில் மானிட்டர்கள் காதிலிருந்து 1.1 மீட்டர் தூரத்தில் இருந்தன. மேசைக்குக் கீழே ஓரமாக இருந்த சப் 1.7 மீட்டர் தூரத்தில் இருந்தது. அந்த 60 செண்டிமீட்டரைக் கடக்க ஒலிக்கு 1.75 மில்லிசெகண்ட் தேவை. 80 ஹெர்ட்ஸில் அது 50 டிகிரி. அதோடு நின்றிருந்தால் பெரிய சேதம் இல்லை. ஆனால் சப்புக்குள் இருக்கும் டிஜிட்டல் செயலி, ஒலியை வாங்கி வெளியே விடச் சுமார் 4 மில்லிசெகண்ட் எடுத்துக்கொண்டது. அது இன்னொரு 115 டிகிரி. மொத்தம் 165. நேர் எதிரான 180-க்கு 15 தான் பாக்கி.

தூரத்தை அளந்து கணக்குப் போட்டவர்கள் பலர் தடுமாறுவது இங்கேதான். டேப்பில் தெரிவது தூரம் மட்டும். செயலியின் தாமதம் டேப்பில் தெரியாது. பெட்டியில் துளை வைத்த மானிட்டர், தான் எட்டக்கூடிய மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணை நெருங்கும்போது ஃபேஸைத் தானாகவே சுழற்றுவதும் தெரியாது. அதனால் கணக்கு ஒரு தோராயம்தான். உட்கார்ந்திருக்கும் இடத்தில் கேட்டோ, மைக் வைத்து அளந்தோதான் சரியான இடத்தைப் பிடிக்க வேண்டும்.

கேட்டே பிடிக்க ஒரு வழி உண்டு. சாதாரணமாக எல்லோரும் என்ன செய்வார்கள்? பேஸ் அதிகமாகக் கேட்கும் வரை, சப்பின் ஃபேஸை மாற்றும் குமிழைத் திருப்புவார்கள். இது சரியாக வராது, காரணமும் தெளிவானது. இரண்டு ஒலிகளும் நன்றாகச் சேர்ந்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், 30 டிகிரி தவறினாலும் ஒலி 0.3 டெசிபல்தான் குறையும். எந்தக் காதாலும் அதைப் பிடிக்க முடியாது. எதிர்ப்பக்கத்தில் கதையே வேறு. இரண்டும் முழுதாக அழிந்துகொள்ளும் இடத்திலிருந்து அதே 30 டிகிரி விலகினாலே ஒலி கிடுகிடுவென எழும்பிவிடும். உச்சி தட்டையானது, பள்ளம் கூர்மையானது. ஆகவே தேட வேண்டியது பள்ளத்தை.

முதலில் ஆடியோ இன்டர்ஃபேஸிலிருந்து வரும் ஒலியை சப்புக்குள் விட்டு, சப்பின் வெளியீட்டிலிருந்து மானிட்டர்களுக்கு இணையுங்கள். அப்போதுதான் மானிட்டர்களுக்கும், தாழ்ந்த ஒலியைத் தடுக்கும் ஹை-பாஸ் ஃபில்டர் கிடைக்கும். மானிட்டர்களை முழு வீச்சில் ஓடவிட்டு சப்பைப் பக்கத்தில் சேர்த்தால், இரண்டும் மோதும் பகுதி 50-லிருந்து 100 ஹெர்ட்ஸ் வரை அகன்றுவிடும், ஒரே ஃபேஸ் அமைப்பு அத்தனைக்கும் பொருந்தாது. இப்போது 80 ஹெர்ட்ஸில் ஒரே சீரான சைன் ஒலியை மிதமான சத்தத்தில் ஓடவிடுங்கள். சப்பை மட்டும் ஒருமுறை, மானிட்டர்களை மட்டும் ஒருமுறை கேட்டு, இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் வரும்படி சப்பின் லெவலை வையுங்கள். அப்புறம் இரண்டையும் சேர்த்து ஓடவிட்டு, எப்போதும் உட்காரும் இடத்தில் தலையை அசைக்காமல் உட்கார்ந்துகொள்ளுங்கள். குமிழை இன்னொருவர் திருப்பினால் நல்லது. சப்பின் அலையை அப்படியே தலைகீழாக்கும் போலாரிட்டி சுவிட்சின் 0, 180 என்ற இரண்டு நிலைகளிலும் குமிழை மெதுவாக முழுதும் திருப்பி, ஒலி எங்கே மிகமிகச் சன்னமாகிறது என்று பாருங்கள். அந்த இடத்தில் குமிழை விட்டுவிட்டு சுவிட்சை மட்டும் எதிர்நிலைக்கு மாற்றுங்கள். அவ்வளவுதான், நன்றாகச் சேரும் இடத்தில் இருக்கிறீர்கள்.

என் அறையில் சுவிட்ச் 0 நிலையில், குமிழ் 15 டிகிரிக்குப் பக்கத்தில் இருந்தபோது ஒலி ஏறக்குறைய செத்துவிட்டது. கணக்கும் அதையே சொல்கிறது: இருக்கும் 165-உடன் குமிழ் 15-ஐச் சேர்த்தால் 180. சுவிட்சை 180-க்குத் தட்டியதும் ஒலி அறையை நிறைத்தது. பிறகு 70 ஹெர்ட்ஸிலும் 90 ஹெர்ட்ஸிலும் சுவிட்சை மட்டும் மாற்றி மாற்றிக் கேட்டேன். 180 நிலைதான் இரண்டிலும் பலமாக இருந்தது. இந்தச் சரிபார்ப்பை விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் உள்ள அதிர்வெண்ணில் எதிர்நிலை பலமாகக் கேட்டால், சப் ஒரு முழு அலைக்கும் மேல் பிந்தி வருகிறது என்றோ, அறையின் எதிரொலி குறுக்கிடுகிறது என்றோ சந்தேகப்பட வேண்டும்.

இந்த முறைக்கு ஓர் எல்லை இருக்கிறது. சுவிட்சும் குமிழும் ஒலியை நேரத்தில் முன்னே இழுப்பதில்லை. என் சப் 5.75 மில்லிசெகண்ட் பிந்தி வருவது அப்படியேதான் இருக்கிறது. 80 ஹெர்ட்ஸில் மட்டும் அலை பொருந்துகிறது. 60 ஹெர்ட்ஸில் சுமார் 45 டிகிரி பிசகு உண்டு. ஆனாலும் அங்கே மானிட்டர்கள் 12 டெசிபலுக்கு மேல் இறங்கியிருப்பதால், அந்தப் பிசகால் போவது ஒரு டெசிபல்கூட இல்லை. இருவரும் சமமாகத் தள்ளும் இடத்தில்தான் ஒற்றுமை அவசியம். ஒருவர் கையை எடுத்துவிட்ட இடத்தில் அவர் எப்படித் தள்ளினாலும் பரவாயில்லை. இன்னும் துல்லியம் வேண்டும் என்றால், மானிட்டர்களை 5.75 மில்லிசெகண்ட் தாமதப்படுத்துவதுதான் முறையான தீர்வு, அது எல்லா அதிர்வெண்ணிலும் பொருந்தும். சில சப்களிலும் மானிட்டர் கன்ட்ரோலர்களிலும் அந்த வசதி இருக்கிறது. அப்படிச் செய்தால் சுவிட்சையும் குமிழையும் 0-க்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

எல்லாப் பள்ளமும் ஃபேஸால் வருவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். உங்கள் தலை பின்சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி இருந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் அலை 86 ஹெர்ட்ஸ் வாக்கில் நேர் அலையை அழிக்கும். கிராஸ்ஓவருக்கு அவ்வளவு பக்கத்தில் விழுவதால், ஃபேஸ்தான் கோளாறு என்று மணிக்கணக்கில் குமிழைத் திருப்பிக்கொண்டிருப்போம். பிரித்தறிய அளவீட்டு மைக் ஒன்றும் REW போன்ற மென்பொருளும் போதும். காது இருக்கும் இடத்தில் மைக்கை வைத்து, 20-லிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை ஏறிச்செல்லும் ஒலியை ஓடவிட்டு மூன்று ஸ்வீப் எடுங்கள்: சப் மட்டும், மானிட்டர்கள் மட்டும், இரண்டும் சேர்த்து. தனித்தனியாக எடுத்த கோடுகளில் பள்ளம் இல்லாமல், சேர்த்து எடுத்ததில் மட்டும் விழுந்தால் அது ஃபேஸ். சப்பைத் தனியாக அளந்தாலும் அதே இடத்தில் பள்ளம், மானிட்டர்களைத் தனியாக அளந்தாலும் பள்ளம் என்றால் அது அறை. அதைக் குமிழ் சரிசெய்யாது, நாற்காலியைத்தான் நகர்த்த வேண்டும். நகர்த்திய பிறகு தூரங்கள் மாறிவிடுவதால் ஃபேஸை முதலிலிருந்து பார்க்க வேண்டும். அதனால் நாற்காலியின் இடத்தை முதலில் முடிவு செய்துவிட்டுக் குமிழுக்கு வருவது நல்லது. நான் தலைகீழாகச் செய்து ஒரு மாலைப் பொழுதைத் தொலைத்தேன்.

சப் நடுவில் இல்லாமல் ஓரமாக இருந்தால் இடது மானிட்டரோடு நன்றாகச் சேர்வது வலது மானிட்டரோடு அவ்வளவு சேராது. இரண்டையும் தனித்தனியே அளந்து, வித்தியாசம் 40 டிகிரிக்குள் இருந்தால் நடு மதிப்பில் விட்டுவிடலாம். அதற்கு மேல் போனால் சப்பை நடுப்பக்கம் நகர்த்துவதுதான் வழி.

எல்லாம் முடிந்த பிறகு அதே பேஸ் கிட்டார் வரியைப் போட்டேன். 82 ஹெர்ட்ஸ் சுரம் மற்றவற்றோடு வரிசையில் நின்றது. மிக்ஸைத் திறந்து, ஏற்றி வைத்திருந்த 5 டெசிபலை எடுத்துவிட்டேன்.