டைட்டில் எத்தனை பிரேம் அசையாமல் நிற்கிறது?

ஒரு மோஷன் கிராபிக்ஸ் இன்ட்ரோவைக் காட்டிக் கருத்துக் கேட்டால், "வேகமா இருக்கு", "ஏதோ இடிக்குது" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். இதை வைத்துக்கொண்டு செய்தவரால் ஒரு கீபிரேமைக்கூட நகர்த்த முடியாது. நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: டைட்டில் முழுதாக வந்து, அசையாமல், மேலே எதுவும் ஓடாமல் எத்தனை பிரேம் நிற்கிறது?

ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். 5 விநாடி இன்ட்ரோ, விநாடிக்கு 25 பிரேம், ஆக மொத்தம் 125. நான்கு சொல் டைட்டில், 40வது பிரேமில் எழுத்தெழுத்தாகத் துள்ளி வரத் தொடங்குகிறது. கடைசி எழுத்து வந்து சேர்வது 80ல். துள்ளல் அடங்க 92 ஆகிவிடுகிறது. 95ல் ஓர் ஒளிக்கீற்று டைட்டிலின் குறுக்கே ஓடுகிறது, அது முடியும் 110லேயே எல்லாம் மங்கத் தொடங்குகிறது. செய்தவர் கணக்கில் டைட்டில் 85 பிரேம், அதாவது 3.4 விநாடி திரையில் இருக்கிறது. ஆனால் அது அமைதியாக நிற்பது 92க்கும் 95க்கும் இடையில் வெறும் 3 பிரேம்.

கண்ணுக்கு இது ஏன் போதாது? புதிதாகத் தோன்றிய ஒன்றை நோக்கிக் கண் தாவத் தொடங்கவே ஏறக்குறைய 0.2 விநாடி பிடிக்கிறது. தாவும் அந்த நொடித்துளியில் மூளை காட்சியை அநேகமாக வாங்குவதே இல்லை. பிறகு கண் ஒவ்வோர் இடத்திலும் கால் விநாடி அளவுக்கு நின்று நின்று படிக்கிறது. நீளமான தமிழ்ச் சொல்லுக்கு இரண்டு முறை நிற்க வேண்டிவரும். நான்கு சொல் என்றால் சுமார் 2 விநாடி, 50 பிரேம் ஒதுக்குவது நியாயம். அசையும்போதும் கொஞ்சம் படிக்கலாம்தான். ஆனால் எழுத்துகள் ஒவ்வொன்றாகத் துள்ளும்போது கண் கடைசியாக வந்த எழுத்தின் பின்னால் போகிறது, சொல்லைப் பார்ப்பதில்லை. தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. சில மென்பொருள்கள் 'கொ' என்ற ஓர் எழுத்தையே உடைத்து, கொம்பு முதலில், ககரம் அடுத்து, கால் கடைசியில் என்று அனுப்பும். இதை முழு வேகத்தில் ஓட்டினால் பிடிக்க முடியாது, பிரேம் பிரேமாக நகர்த்தித்தான் பார்க்க வேண்டும்.

இங்கேதான் அசைவின் வேகத்தைப் படிப்படியாகக் கூட்டிக் குறைக்கும் ஈசிங் கைகொடுக்கிறது. அசைவை மென்மையாகக் காட்டும் அலங்காரமாக மட்டுமே பலர் அதைப் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால், படிக்கும் நேரத்தை மிச்சம்பிடிக்கும் கருவி அது. டைட்டில் 20 பிரேமில் 800 பிக்சல் நகர்ந்து வருகிறது என்று வையுங்கள். ஒரே வேகத்தில் வந்தால் பிரேமுக்கு 40 பிக்சல் ஓடிவந்து சட்டென்று நிற்கும். வேகமாகத் தொடங்கி மெதுவாக அடங்கும் க்யூபிக் ஈஸ்-அவுட் கொடுத்தால் பாதி நேரத்திலேயே 700 பிக்சலைக் கடந்துவிடும். 15வது பிரேமில் மீதி வெறும் 12 பிக்சல்தான், அப்போதே வசதியாகப் படிக்கலாம். இரு முனையிலும் மெதுவாகும் வளைவைக் கொடுத்தால் நடப்பதே வேறு. திரைக்கு வெளியே இருந்து வரும் டைட்டில், முதல் சில பிரேம்களை யார் கண்ணிலும் படாமல் வெளியிலேயே கழித்துவிடும். வெளியேறும்போது இதற்கு நேர்மாறாக ஈஸ்-இன் நல்லது. முதலில் மெதுவாக அசைவதால் இன்னும் சில பிரேம் படிக்கக் கிடைக்கும்.

ஈஸ்-அவுட்டுக்கும் ஒரு விலை உண்டு. மேலே சொன்ன கணக்கில் முதல் பிரேமிலேயே டைட்டில் 114 பிக்சல் தாவும், விட்டுவிட்டுத் தெரியும். மோஷன் பிளர் சேர்க்கலாம். அதைவிட எளிய வழி, தூரத்தை 200 பிக்சலாகக் குறைத்து, மங்கலில் இருந்து தெளிவுக்குக் கொண்டுவருவது. முதல் தாவல் 28 பிக்சலோடு நின்றுவிடும்.

இனித் திருத்துவோம். எழுத்துத் துள்ளலை எடுத்துவிட்டு, முழு வரியையும் 30வது பிரேமில் சேர்த்தே உள்ளே விடுகிறோம். 45ல் படிக்கலாம். ஒளிக்கீற்றை லோகோ வரும் கட்டத்துக்கு மாற்றுகிறோம். அது அழகாகவே இருந்தாலும், படிக்கும் கண்ணை இழுத்துக்கொண்டு போவதுதான் அதன் குற்றம். அசைவு ஓரக்கண்ணில் பட்டாலே கவனம் திரும்பிவிடும். வெளியேற்றம் 110லேயே இருக்கட்டும். இப்போது 65 பிரேம், 2.6 விநாடி கிடைத்துவிட்டது. இன்ட்ரோவின் நீளம் மாறவே இல்லை.

சரியாக வந்ததா என்று செய்தவரே தீர்மானிப்பது கடினம். டைட்டில் அவருக்கு மனப்பாடம், அரைகுறையாகத் தெரிந்தாலே படித்துவிட்டதாகத் தோன்றும். அதே நீளத்தில் வேறு சொற்களைப் போட்டு, ஒலியை அணைத்து, போன் திரையில் ஒரு புதியவருக்கு ஒரே முறை காட்டி, என்ன எழுதியிருந்தது என்று கேட்க வேண்டும். ஒலி இருந்தால் தாளம் நம்மை ஏமாற்றும்: டைட்டில் விழும் இடத்தில் ஓர் அடி கேட்டாலே டைமிங் கச்சிதம் என்று தோன்றிவிடும்.

ஒவ்வொரு பகுதியிலும் மாறாமல் வரும் தொடர் பெயருக்கு இத்தனை பிரேம் தேவையில்லை. வழக்கமாகப் பார்ப்பவர் அதைப் படிப்பதில்லை, அடையாளம் கண்டுகொள்கிறார். அங்கே மிச்சமாகும் பிரேம்களை அன்றன்று மாறும் பகுதித் தலைப்புக்குக் கொடுத்துவிடலாம்.