எட்டு வீட்டிலிருந்து பதில் வராத கடிதம்

காரைக்குடியில் ஆங்கிலக் கடிதம் எழுதிக்கொடுப்பதும் பத்திரங்களை மொழிபெயர்ப்பதும் என் வேலை. சுற்றியுள்ள செட்டிநாட்டு ஊர்களில் ஒரு பெரிய வீட்டுக்குப் பத்துப் பதினைந்து பங்குக்காரர்கள் இருப்பது சாதாரணம். அவர்களில் பலர் சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்கா என்று இருக்கிறார்கள். அங்கே வளர்ந்த பேரப்பிள்ளைகள் தமிழ் பேசுவார்கள், வாசிக்க வராது. அதனால் வீட்டு விஷயம் எல்லாம் ஆங்கிலத்தில்தான் போய்வருகிறது.

அப்படி ஒரு வீட்டு ஆச்சி ஒருநாள் வந்தார்கள். வளவில் ஓடு சரிந்து மழை இறங்குகிறது, மாற்றியாக வேண்டும், அதற்கு எல்லாப் பங்காளிகளின் சம்மதமும் வேண்டும். சொந்தக்காரப் பையன் ஒருவர் எழுதிய கடிதம் பதினொரு வீட்டுக்குப் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. மூன்று பேர் பதில் எழுதியிருந்தார்கள். “எட்டு வீட்டுல மூச்சே விடலை தம்பி. யாருக்கு என்ன மனத்தாங்கலோ, ஒண்ணும் புரியலை” என்றார்கள். குரலில் வருத்தம் இருந்தது.

கடிதத்தின் நகலை வாங்கிப் பார்த்தேன். கடைசி வரி: “ப்ளீஸ் இன்ஃபார்ம் அஸ் இஃப் யூ ஹேவ் எனி அப்ஜெக்ஷன்.” எழுதியவர் மனதில் இருந்தது, “ஆட்சேபம் இருக்கிறதா இல்லையா என்று தெரிவியுங்கள்.” படித்தவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது, “ஆட்சேபம் இருந்தால் தெரிவியுங்கள்.” இல்லாதவர்கள் எதற்கு எழுத வேண்டும்? சும்மா இருப்பதே சம்மதம் என்று நினைத்திருப்பார்கள். அவர்கள் படித்தது தவறில்லை. அந்த வாக்கியத்தை ஆங்கிலத்தில் வளர்ந்த யாரும் முதலில் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்.

தமிழில் இந்தக் குழப்பம் வரவே வராது. ‘இருக்கிறதா என்று’ வேறு, ‘இருந்தால்’ வேறு. ஒன்றில் கேள்வியின் ‘ஆ’ இருக்கிறது, இன்னொன்றில் நிபந்தனையின் ‘ஆல்’ இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘இஃப்’ இந்த இரண்டு வேலையையும் பார்க்கிறது. ‘வெதர்’ முதல் வேலையை மட்டும் பார்க்கிறது. அதனால் என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஆங்கில வாக்கியத்தை எழுதுமுன் அதைத் தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். ‘ஆ’ என்று வந்தால் ‘வெதர்’. ‘ஆல்’ என்று வந்தால் ‘இஃப்’.

இதற்காகக் கேள்விப் பொருளில் ‘இஃப்’ வரவே கூடாது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். “ஹி ஆஸ்க்ட் இஃப் ஆச்சி வாஸ் அட் ஹோம்”, ஆச்சி வீட்டில் இருக்கிறார்களா என்று கேட்டார், என்பது சுத்தமான ஆங்கிலம். கேட்டார், தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன் என்ற மாதிரி வினைகளுக்குப் பின்னால் இரண்டும் சரி. பேச்சில் ‘இஃப்’தான் அதிகம். “தெரிவியுங்கள்” என்று பதிலை எதிர்பார்த்து எழுதும் இடத்தில்தான் வம்பு.

சில இடங்களில் ‘வெதர்’ மட்டும்தான் நிற்கும். அந்தக் கடிதத்திலேயே இன்னொரு வரி இருந்தது: “த வொர்க் டிபெண்ட்ஸ் ஆன் இஃப் த ரெயின் ஸ்டாப்ஸ்.” மழை நிற்கிறதா என்பதைப் பொறுத்து வேலை. இங்கே ‘ஆன்’ என்ற முன்னிடைச்சொல்லுக்குப் பின்னால் ‘இஃப்’ வந்துவிட்டது. பேச்சில் இப்படிச் சொல்கிறவர்கள் உண்டு, ஆனால் எழுத்தில் பிழை. ‘ஆன் வெதர்’ என்றுதான் இருக்க வேண்டும். ‘அபவுட்’, ‘ஆஃப்’, ‘ஆஸ் டு’ எதற்குப் பின்னாலும் இதே கதைதான். காரணம் நம் தமிழிலேயே தெரிகிறது. ‘பொறுத்து’, ‘பற்றி’ என்று சொல்ல வேண்டுமானால் முதலில் அந்தக் கேள்வியை ‘நிற்கிறதா என்பது’ என்று ஒரு பெயராக்கிக்கொள்கிறோம், பிறகுதான் ‘என்பதைப் பொறுத்து’, ‘என்பதைப் பற்றி’ என்று வேற்றுமை சேர்க்கிறோம். கேள்வியை அப்படிப் பெயராக்கி முன்னிடைச்சொல்லின் கையில் கொடுக்கும் வேலையை ‘வெதர்’ செய்யும், ‘இஃப்’ செய்யாது. ஆகவே தமிழில் ‘நிற்கிறதா என்பதை’ மாதிரி ‘ஆ’வோடு ‘என்பதை’ என்று வாய் போனால், ஆங்கிலத்தில் யோசிக்காமல் ‘வெதர்’ போடலாம்.

வாக்கியமே ‘தாங்குமா என்பது’ மாதிரி ஒரு கேள்வியோடு தொடங்கினாலும் அப்படித்தான். ஓடு இன்னொரு ஐப்பசி மழையைத் தாங்குமா என்பது சந்தேகம். இதை ‘இஃப் த ரூஃப் வில் லாஸ்ட்’ என்று தொடங்கினால், படிப்பவர் நிபந்தனை என்று நினைத்து, “தாங்கினால்... அப்புறம்?” என்று காத்திருப்பார். அப்புறம் எதுவும் வராது. ‘செய்வதா வேண்டாமா’ என்ற பொருளில் ‘டு’ சேர்ந்த வினை வரும்போதும் ‘வெதர் டு’ மட்டும்தான். பழைய நாட்டு ஓட்டையே போடுவதா, வேறு போடுவதா என்பதற்கு ‘வெதர் டு யூஸ்’. ‘இஃப் டு யூஸ்’ என்று ஒன்று கிடையாது. ‘ஆர் நாட்’ என்பதை ஒட்டி எழுதினாலும் ‘வெதர் ஆர் நாட்’தான். கடைசியில் தள்ளி எழுதினால் மட்டும் ‘இஃப்’ இடம் கொடுக்கும்.

இதெல்லாம் கேட்டுவிட்டு, ‘வெதர்’தான் மரியாதையான சொல் என்று எல்லா இடத்திலும் போடுகிறவர்களையும் பார்க்கிறேன். இதில் பணமே போய்விடும். “வீ வில் ஸ்டார்ட் இஃப் யூ பே யுவர் ஷேர்”, பங்கைக் கொடுத்தால் ஆரம்பிக்கிறோம். இங்கே தமிழில் ‘ஆல்’, ஆகவே ‘இஃப்’ ஒன்றுதான் சரி. இதையே ‘வெதர் ஆர் நாட் யூ பே’ என்று எழுதிவிட்டால், நீங்கள் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் ஆரம்பிக்கிறோம் என்று அர்த்தம். அதற்கப்புறம் யார் பணம் அனுப்புவார்கள்? என் ‘ஆல்’ கணக்கு தவறும் ஓர் இடமும் இதுதான்: ‘ஆலும்’ என்று இரட்டையாக வந்தால் அது ‘வெதர்’ பக்கம் சேர்ந்துவிடும்.

ஆச்சிக்குக் கடிதத்தை மாற்றி எழுதினேன். கடைசி வரி “ப்ளீஸ் லெட் அஸ் நோ வெதர் யூ அக்ரீ ஆர் நாட்” என்று ஆனது. ‘அப்ஜெக்ஷன்’ என்ற சொல்லையே எடுத்துவிட்டேன். சம்மதம் கேட்கும் இடத்தில் ஆட்சேபத்தைக் கேட்டதும் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். அதற்குக் கீழே தனி வரியில், சம்மதமானாலும் இல்லாவிட்டாலும் இந்தத் தேதிக்குள் ஒரு பதில் எழுதுங்கள் என்றும் சேர்த்தேன். தமிழில் வாசித்துச் சொன்னபோது ஆச்சி, “இதைத்தானே தம்பி நானும் முதல்லயே சொன்னேன்” என்றார்கள். ஆமாம், அவர்கள் முதலில் சொன்ன தமிழில் ‘ஒத்துக்கிறாங்களா இல்லையா’ என்று இரண்டு ‘ஆ’ இருந்தது.

மூன்று வாரத்தில் எட்டு வீட்டிலிருந்தும் பதில் வந்தது. ஏழு பேருக்குச் சம்மதம். ஒருவர் மட்டும் செலவுக் கணக்கைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று எழுதியிருந்தார். முதல் கடிதத்துக்கு அவரும் பதில் போடவில்லை. அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு ஓட்டைப் பிரித்திருந்தால், அவர் பங்கு மட்டும் நின்றிருக்கும்.