ஆறு மாதம் கழித்து வாங்கும் தங்கத்துக்கு இன்று என்ன விலை பேசலாம்?

தை மாதக் கல்யாணத்துக்கு ஆடியிலேயே நகைக்கடையில் விலை பேசி வைப்பது கடலூர், புதுச்சேரிப் பக்கம் சாதாரணம். "ரேட் இனிமேல் ஏறத்தான் செய்யும், இப்பவே பதிஞ்சு வச்சுக்குங்க" என்று கடையில் சொல்வார்கள். நாமும் பயந்துபோய் அவர்கள் சொல்கிற விலைக்குத் தலையாட்டுவோம். அந்த விலை எப்படி வந்தது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது.

இன்றைக்கு விலையை முடிவு செய்துவிட்டு, பொருளையும் பணத்தையும் பின்னொரு நாளில் கைமாற்றிக்கொள்வதற்கு ஃபார்வர்டு ஒப்பந்தம் என்று பெயர். எம்.சி.எக்ஸ் என்கிற பொருள் வணிகச் சந்தையில் 2003 முதல் தங்கத்துக்கு இதே மாதிரி முன்பேர வியாபாரம் நடக்கிறது. 2015 முதல் அதைக் கண்காணிப்பது பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி. ஆனால் நீங்களும் நகைக்கடையும் பேசிக்கொள்வது அந்தச் சந்தைக்கு வெளியே நடக்கிற சாதாரண வியாபார ஒப்பந்தம். அதில் எழுதிய விலை நியாயமா என்று எந்த அலுவலகமும் உங்களுக்காகப் பார்க்காது. கணக்கை நாமே போட வேண்டியதுதான்.

ஆறு மாதத்துக்குப் பிறகு 10 பவுன், அதாவது 80 கிராம் தருவதாக ஒரு கடை ஒப்புக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். விலை ஏறினாலும் நஷ்டப்படாமல் அந்தச் சொல்லைக் காப்பாற்ற அந்தக் கடைக்கு ஒரு நேரான வழி இருக்கிறது. இன்றே 80 கிராமை வாங்கி, பத்திரமாக வைத்திருந்து, தையில் உங்கள் கையில் கொடுத்துவிடலாம். அப்படிச் செய்தால் கடைக்கு ஆகும் செலவு மூன்றுதான்: இன்றைய விலை, அந்தப் பணத்துக்கு ஆறு மாத வட்டி, பெட்டக வாடகையும் இன்சூரன்ஸும். இந்த மூன்றையும் கூட்டினால் வருவதுதான் ஃபார்வர்டு விலை. இன்றைய விலைக்கு மேல் சேருகிற பகுதியை வியாபாரத்தில் காஸ்ட் ஆஃப் கேரி என்பார்கள். பொருளை அதுவரை கையில் வைத்திருக்க ஆகும் செலவு, அவ்வளவுதான்.

கணக்கு சுலபமாக இருக்க 22 கேரட் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர் போர்டு ரேட்டை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். 80 கிராமுக்கு 8,00,000 ரூபாய். கடைக்கு வங்கிக் கடன் ஆண்டுக்கு 9 சதவீதத்துக்குக் கிடைக்கிறது என்றால் ஆறு மாத வட்டி 36,000. பாதுகாப்பும் இன்சூரன்ஸும் ஆண்டுக்கு அரை சதவீதம் என்று தாராளமாகவே வைத்தாலும் ஆறு மாதத்துக்கு 2,000. ஆக மொத்தம் 8,38,000 ரூபாய். கிராமுக்கு 10,475, பவுனுக்கு 83,800. தங்கம் கொஞ்ச இடத்தில் அடங்கிவிடும், கெட்டும் போகாது. அதனால் நெல்லுக்கோ வெங்காயத்துக்கோ ஆவது மாதிரி வைப்புச் செலவு இதில் பெரிதாக வராது. கிடங்குச் செலவு அதிகம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இதில் பெரிய தொகை வட்டிதான்.

"தையில் ரேட் எங்கே போகும்" என்கிற ஆரூடம் இந்தக் கணக்கில் எங்கேயும் வரவில்லை. அதைக் கவனியுங்கள். கடை கிராமுக்கு 11,000 கேட்கிறது, காரணம் கேட்டால் "விலை ஏறப்போகுது" என்கிறது என்று வையுங்கள். 80 கிராமுக்கு 8,80,000 ஆகிறது. நியாயமான விலையைவிட 42,000 அதிகம். விலை ஏறும் என்று கடைக்காரருக்கு அவ்வளவு நிச்சயமாகத் தெரிந்தால், அவர் இன்றே வாங்கி வைத்துக்கொள்ளலாமே. அதற்கு அவருக்கு ஆகும் செலவு 38,000தான். அந்த 42,000 உங்கள் பயத்துக்கு நீங்கள் கொடுக்கும் கட்டணம்.

சரி, கடை 8,38,000 என்றே சொல்லிவிட்டது. உடனே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். ஏமாற்று அதிகம் நடப்பது அட்வான்ஸில்தான். மேலே போட்ட வட்டி, நீங்கள் இன்று ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவில்லை என்ற கணக்கில் போட்டது. இன்று பாதிப் பணம், அதாவது 4,00,000 கொடுத்தால், கடை வட்டிக்கு வாங்க வேண்டியது மீதி 4,00,000தான். வட்டி 18,000, வைப்புச் செலவு 2,000, ஆகவே மொத்தம் 8,20,000தான் ஆக வேண்டும். முழுப் பணத்தையும் இன்றே கட்டிவிட்டால் வட்டி என்ற பேச்சுக்கே இடமில்லை, 8,02,000 போதும். ஆனாலும் முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு 8,38,000க்கே ரசீது போடுகிற கடைகள் உண்டு. உங்கள் பணத்துக்கு உங்களிடமே 36,000 வட்டி வாங்குகிறார்கள் என்று அர்த்தம். நான் மனு எழுதிக் கொடுக்க உட்கார்ந்தபோது பார்த்த ரசீதுகளில் இந்தத் தவறு பளிச்சென்று தெரியும். அதற்குள் பணம் போய்விட்டிருக்கும்.

நாள் கணக்கையும் விடாதீர்கள். கல்யாணம் இரண்டு மாதம் முன்னால் தள்ளி வந்து நகையை முன்கூட்டியே எடுக்கிறீர்கள் என்றால், அட்வான்ஸ் இல்லாத கணக்கில் மாதத்துக்கு 6,000 வட்டி குறைய வேண்டும். தாமதமானால் அதே அளவு கூடும், அதுவும் நியாயம்தான். கூட்டுவதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு குறைப்பதை மறப்பது கடைகளின் பழக்கம். ஒப்பந்தத்தில் இரண்டையும் எழுதச் சொல்லுங்கள்.

இனி எதிர்ப்பக்கம். மலிவான விலையும் பயப்பட வேண்டியதுதான். "தையில் பணம் கொடுத்தால் போதும், இன்றைய ரேட்டுக்கே தருகிறோம்" என்று ஒரு கடை சொன்னால் அதற்கு 38,000 நஷ்டம். தெரிந்தே யாரும் நஷ்டத்துக்கு வியாபாரம் செய்வதில்லை. ஒன்று, அந்தப் பணம் சேதாரத்தில் திரும்பி வரும். 8 லட்ச ரூபாய் நகைக்குச் சேதாரம் ஒரு சதவீதம் கூடினால் 8,000. ஐந்து சதவீதம் ஏற்றினால் 40,000 போய்விட்டது, கேரிச் செலவு முழுக்கக் கடைக்கு வந்து சேர்ந்துவிட்டது. அதனால் கிராம் விலையோடு சேதார சதவீதத்தையும் செய்கூலியையும் அன்றே ரசீதில் எழுதாத எந்தப் பதிவும் பதிவே இல்லை. "ஏறினால் பதிஞ்ச ரேட், இறங்கினால் அன்னைக்கு ரேட்" என்ற வாக்குறுதிக்கும் இதே சோதனைதான். அது இலவசமாகக் கிடைக்காது. விலை வேறெங்கோ ஒளிந்திருக்கும்.

இரண்டாவது காரணம் இதைவிட மோசம். கடை தங்கமே வாங்கியிருக்காது. உங்கள் அட்வான்ஸை வேறு வேலைக்குப் போட்டுவிட்டு, விலை இறங்கும் என்று சூதாடிக்கொண்டிருக்கும். விலை ஏறிவிட்டால் கடை மூடும், நீங்கள் கடன்காரரைத் தேடி அலைகிறவர் ஆகிவிடுவீர்கள். முழுப் பணத்தையும் இன்றே கட்டினால் இன்றைய விலைக்கும் கீழே, பத்து சதவீதம் தள்ளுபடி என்று சொல்கிற இடங்களில் இந்தச் சந்தேகம் கட்டாயம் வர வேண்டும். ஆறு மாதத்தில் பத்து சதவீதம் என்பது ஆண்டுக்கு 20க்கும் மேல். வங்கியில் கடன் கிடைக்கிற கடை அந்த வட்டிக்கு உங்களிடம் ஏன் வாங்க வேண்டும்?

கடை சொல்கிற வட்டி சரியா என்று பார்க்கவும் ஒரு வழி உண்டு. எம்.சி.எக்ஸில் ஒரு கிலோ தங்க ஒப்பந்தம் பிப்ரவரி, ஏப்ரல், ஜூன் என்று இரண்டு மாதத்துக்கு ஒன்றாக இருக்கும். விலையை 10 கிராமுக்குக் காட்டுவார்கள். அடுத்தடுத்த இரண்டு மாதங்களின் விலையை எடுத்து வித்தியாசத்தைப் பாருங்கள். உதாரணத்துக்கு முதலாவது 1,00,000, அடுத்தது 1,01,200 என்றால் இரண்டு மாதத்துக்கு 1.2 சதவீதம், ஆறால் பெருக்கினால் ஆண்டுக்கு 7.2. சந்தை அன்று ஏற்றுக்கொண்டிருக்கும் கேரிச் செலவு ஏறக்குறைய அதுதான். விலையை அப்படியே போர்டு ரேட்டோடு ஒப்பிடாதீர்கள், அது 22 கேரட் விலை இல்லை. இடைவெளியின் சதவீதம்தான் நமக்கு வேண்டும். உங்கள் கடை அதைவிட இரண்டு மூன்று சதவீதம் கூடக் கேட்டால் பொறுத்துக்கொள்ளலாம், சிறு கடைக்குக் கடன் வட்டி அதிகம். பதினெட்டு சதவீதம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஜி.எஸ்.டி. 3 சதவீதம் தனி. அது பில் போடும் நாளில் வரும். பதியும்போது "வரி சேர்த்த ரேட்" என்று சொல்லிவிட்டு, தையில் இன்னொரு தடவை 25,000 ரூபாய் கேட்பார்கள். வரி உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று ரசீதில் ஒரு வரி வேண்டும்.

ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். ஒரே வியாபாரத்துக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் தடை போட்டிருக்கிறது. கடை அதை வாங்கினால் ரசீது தராது, துண்டுச் சீட்டில் எழுதித் தரும். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு பிறகு நிரூபிப்பது பெரும்பாடு. அதே மாதிரி, பதிவு நாளிலிருந்து 365 நாளுக்குள் நகை கைக்கு வருகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனியாகப் பதிவான கடை பொருளுக்கென்று வாங்கிய அட்வான்ஸை அதற்குள் பொருளாகக் கொடுக்காவிட்டால், சட்டப்படி அது டெபாசிட் ஆகிவிடும். நகைச்சீட்டு பதினோரு மாதத்தில் முடிவது இதனால்தான்.

கடை பதிந்த விலைக்குத் தர மறுத்தால் அலைச்சல் தொடங்கும். கடலூர்க்காரர் புதுச்சேரிக் கடையில் பதிந்திருந்தால் இரட்டை அலைச்சல். இங்கே போலீஸில் கேட்டால் "கடை அங்கே இருக்கு, அங்கே போங்க" என்பார்கள். அங்கே போனால் "இது சிவில் விவகாரம்" என்பார்கள். செபிக்கு எழுதினால் எக்ஸ்சேஞ்சில் நடக்காத ஒப்பந்தம் எங்களுடையது இல்லை என்று பதில் வரும். ரிசர்வ் வங்கி நகைக்கடையைக் கண்காணிப்பதில்லை. ஒவ்வொருவரும் தங்கள் வரையில் சரியாகத்தான் சொல்கிறார்கள்; எங்கே போக வேண்டும் என்பதை மட்டும் ஒருவரும் சொல்வதில்லை.

போக வேண்டியது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார் கொடுப்பவர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கடை புதுச்சேரியில் இருந்தாலும் கடலூர் ஆணையத்திலேயே மனு கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. கவுண்டரில் திருப்பி அனுப்பினால் 34ஆவது பிரிவு என்று சொல்லுங்கள். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று கடை இழுத்தடிக்கிற ஒவ்வொரு மாதமும் அந்த இரண்டு வருடத்தில்தான் கழிகிறது. ஆகவே முதல் மறுப்பு வந்ததுமே பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பி, ரசீது நகலோடு மேலே போட்ட கணக்கையும் ஒரு தாளில் எழுதி இணையுங்கள்: பதிந்த நாளின் விலை, வட்டி, வைப்புச் செலவு, கொடுத்த அட்வான்ஸ், கடை கேட்ட கூடுதல் தொகை.