இரண்டு வகுப்புகளை வைத்து வன்னி முழுவதையும் பற்றிப் பேச முடியுமா?

கல்வி முதுமாணி ஆய்வை முதன்முறையாகச் செய்யும் ஆசிரியர்கள் கொண்டுவரும் வரைவுகளில் முடிவுரையைத்தான் நான் முதலில் வாசிப்பேன். அங்கே எழுதியிருப்பதை ஆய்வில் சேர்த்த தரவு தாங்குமா என்பது பெரும்பாலும் அந்த ஒரு பக்கத்திலேயே தெரிந்துவிடும். அண்மையில் வன்னியின் கிராமப் பாடசாலை ஒன்றில் கணிதம் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் கொண்டுவந்த வரைவை, அவரை அடையாளம் காட்டாமல், இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

தரம் 7இன் இரண்டு பிரிவுகளில், 28 பிள்ளைகள் கொண்ட ஒன்றுக்குப் பின்னங்களைக் கடதாசிக் கீலங்கள் கொண்டும், 26 பிள்ளைகள் கொண்ட மற்றதற்கு வழமையான முறையிலும் ஆறு வாரங்கள் கற்பித்திருந்தார். எந்தப் பிரிவுக்கு எந்த முறை என்பதை நாணயம் சுண்டித் தீர்மானித்துவிட்டு, “எழுமாற்று மாதிரி” என்று எழுதியிருந்தார். இங்கேதான் முதற் குழப்பம். மாதிரியை எழுமாற்றாகத் தெரிவு செய்வது வேறு, தெரிவு செய்தவர்களுக்கு முறைகளை எழுமாற்றாகப் பங்கிடுவது வேறு. அவர் செய்தது இரண்டாவது. அதுவும் இரண்டே அலகுகளுக்கு இடையில். பாடசாலையோ அவர் பணிபுரியும் இடம் என்பதால் அமைந்தது, ஆகவே அது வசதி மாதிரி. அப்படி எழுதுவதில் குறை ஏதுமில்லை. எழுதாமல் விடுவதுதான் குறை.

அடுத்து, இரு பிரிவுகளையும் சேர்த்தால் வரும் 54 என்ற எண். ஒரே வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் ஒரே ஆசிரியரிடம் ஒரே விளக்கத்தைக் கேட்டு, ஒருவரது கொப்பியை ஒருவர் பார்த்துக் கற்பவர்கள் என்பதால், அவர்களுடைய புள்ளிகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். அந்த ஒத்திருப்பின் அளவை 0.2 என வைத்துக்கொள்வோம். வகுப்பின் சராசரி எண்ணிக்கையான 27இல் ஒன்றைக் கழித்து, 0.2ஆல் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் 6.2 வரும். 54ஐ அதனால் வகுத்தால் ஏறத்தாழ 9. அதாவது, பல பாடசாலைகளிலிருந்து ஒருவருக்கொருவர் தொடர்பின்றித் தெரிவு செய்த 9 பிள்ளைகள் தரக்கூடிய அளவு தகவலைத்தான் இந்த 54 பேரும் தருகின்றனர். இரு குழுக்களின் இடைகளை ஒப்பிடும் சாதாரண டி சோதனை ஒவ்வொரு பிள்ளையையும் தனித்த அவதானமாக எண்ணுவதால், இல்லாத உறுதியை அது காட்டிவிடும். இன்னும் 20 பிள்ளைகளை அதே வகுப்பில் சேர்த்தாலும் இது பெரிதாக மாறாது. வகுப்புகளின் எண்ணிக்கை கூடினால்தான் மாறும்.

ஆனால் அந்த வரைவில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது அட்டவணையின் ஓரத்தில் இருந்த சிறிய எண் ஒன்று. கீலங்களைப் பயன்படுத்திய பிரிவில் முன்சோதனையை 28 பேர் எழுதியிருக்க, பின்சோதனையை 22 பேரே எழுதியிருந்தனர். காலபோக அறுவடை நாட்கள் என்பதால் ஆறு பிள்ளைகள் வரவில்லை. முன்சோதனையின் இடை 40, பின்சோதனையின் இடை 54, ஆகவே 14 புள்ளி உயர்வு என்று அவர் கணித்திருந்தார். வராத அறுவரின் முன்சோதனைப் புள்ளிகளைத் தேடிப் பார்த்தோம். அவர்களுடைய இடை 18. மொத்தப் புள்ளிகள் 1120இலிருந்து அவர்களுடைய 108ஐக் கழித்து 22ஆல் வகுத்தால் 46 வருகிறது. எவரும் எதையும் கற்காமலே வகுப்பின் இடை 6 புள்ளி ஏறியிருக்கிறது. இரண்டு சோதனைகளையும் எழுதியவர்களின் உண்மையான உயர்வு 8 மட்டுமே. மற்றப் பிரிவில் பின்சோதனை ஒரு வாரம் பிந்தி நடந்ததால் 26 பேரும் எழுதி, 5 புள்ளி உயர்ந்திருந்தனர். ஆகவே, 9 என்று தோன்றிய வேறுபாடு 3 ஆகச் சுருங்கியது. அந்த 3ஐயும் முறையின் பயன் என்று எடுத்துக்கொள்ள முடியாது; மிகவும் பின்தங்கிய அறுவருக்குக் கீலங்கள் உதவினவா என்பதை இந்தத் தரவு சொல்லவே இல்லை. இதைத்தான் உள்ளகத் தகுதி குறைவது என்கிறோம். வரவுப் பதிவேட்டை அட்டவணைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது பிடிபட்டுவிடும்.

வினாத்தாளிலும் ஒரு சிக்கல் இருந்தது. பின்சோதனையின் பத்து வினாக்களில் ஏழு கீலப் படங்களைக் கொண்டே அமைந்திருந்தன. அந்தப் படத்தோடு ஆறு வாரம் பழகிய பிரிவு அதிலே முன்னிற்பது இயல்பு. அது பின்னம் பற்றிய விளக்கத்தின் அளவீடா, படப் பழக்கத்தின் அளவீடா என்று பிரித்தறிய வழியில்லை. எண்கோட்டிலும் சொற்கணக்கிலும் அமைந்த, இரு பிரிவினருக்கும் சம அளவில் புதியதான வினாக்களைச் சேர்க்கும்படி சொன்னேன்.

“அப்படியானால் இந்த ஆய்வில் பயன் இல்லையா, சேர்?” என்று அவர் கேட்டார். இருக்கிறது. வகுப்பின் அளவு, பாடசாலையின் வகை, தாம் எத்தனை ஆண்டாகக் கற்பிக்கிறார், கீலங்களை எந்தப் பாடத்தில் எப்படிப் பயன்படுத்தினார், யார் எப்போது வரவில்லை என்பவற்றை விரிவாக எழுதினால், துணுக்காயிலோ மாங்குளத்திலோ உள்ள இன்னொரு கணித ஆசிரியர் அதை வாசித்து, தம் வகுப்பு இதை எவ்வளவு ஒத்திருக்கிறது என்று தாமே மதிப்பிட முடியும். பிள்ளைகள் முக்காலை எந்த இடத்தில் பிழையாக மடித்தார்கள் என்ற அவருடைய குறிப்புகள் இடைப் புள்ளிகளைவிட அந்த வாசகருக்கு உதவும் என்பது என் எண்ணம்.

“வன்னிப் பிரதேச மாணவர்களின் பின்னக் கற்றலில் கீலங்களின் விளைதிறன்” என்றிருந்த தலைப்பு இப்போது “வன்னியின் ஒரு கிராமப் பாடசாலையில், தரம் 7 வகுப்பொன்றில் கடதாசிக் கீலங்கள் கொண்டு பின்னம் கற்பித்தல்” என்று மாறியிருக்கிறது. அந்த அறுவருக்கும் பிந்திய பின்சோதனை ஒன்றை அடுத்த வாரம் நடத்த இருக்கிறார். அவர்களுடைய புள்ளிகளை, சோதனை பிந்தியது என்ற குறிப்புடன், தனி நிரலாகவே காட்டுவார்.