பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள்: எமர்ஜென்சி டிராலியின் காலைச் சோதனை

பல சின்ன ஆஸ்பத்திரிகளில் வார்டு எமர்ஜென்சி டிராலியின் செக்லிஸ்ட்டைப் புரட்டினால் மாதம் முழுக்க ஒரே பேனா, ஒரே சாய்வில் டிக் இருக்கும். ஒரே ஆள் ஒரே மூச்சில் போட்டது என்று பார்த்ததுமே தெரிந்துவிடும். அதைவிட என்னை உறுத்துவது, நேர்மையாகத் தினமும் போடப்படும் டிக்குகள். ‘டீஃபிப் உள்ளது’, ‘சக்ஷன் உள்ளது’ என்றுதான் பெரும்பாலான தாள்கள் கேட்கின்றன. வேலை செய்கிறதா என்று கேட்பதில்லை. கேட்காததை டியூட்டி சிஸ்டர் ஏன் பார்க்கப் போகிறார்?

நான் மயக்க மருந்து டாக்டர். இருபது படுக்கை உள்ள வார்டை மனதில் வைத்து எழுதுகிறேன். காலை ஹேண்ட்ஓவரில் நைட் சிஸ்டரும் டே சிஸ்டரும் சேர்ந்து நின்று செய்தால் பத்து நிமிட வேலை.

முதலில் டீஃபிப். நம் ஊர் சுவர் சாக்கெட்டில் தனி ஸ்விட்ச் இருப்பதுதான் இதன் முதல் எதிரி. தரை துடைக்கும்போது அணைத்திருப்பார்கள், அல்லது யாரோ செல்போன் சார்ஜரைச் செருக பிளக்கை உருவியிருப்பார்கள். மறுபடி செருகும்போது ஸ்விட்சைப் போட மறந்திருப்பார்கள். பார்த்தால் பிளக் இருக்கும், பேட்டரி காலியாகிக்கொண்டே போகும். இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. ஸ்விட்ச் போட்டபடியே இருக்கும், பேட்டரி பழசாகிச் செத்திருக்கும், சுவர் கரண்டில் மெஷின் அழகாக ஓடும். கடைசிப் படுக்கை வரை வயர் எட்டாமல் பிளக்கைக் கழற்றும் நிமிடத்தில்தான் குட்டு வெளிப்படும்.

அதனால் சோதனையைத் தொடங்கும்போதே பிளக்கை உருவிவிடுங்கள். பேட்டரியில் ஆன் செய்து, பேடில்கள் இரண்டும் அவற்றின் கூட்டிலேயே இருக்க, அந்த மெஷினின் கையேடு சொல்லும் சோதனை அளவுக்கு சார்ஜ் ஏற்றி டிஸ்சார்ஜ் செய்யுங்கள். சில மெஷின்களில் அது 30 ஜூல், சிலவற்றில் வேறு. அளவை ஒரு சீட்டில் எழுதி மெஷின் மேலேயே ஒட்டிவிட்டால் புதிதாக வந்தவரும் தடுமாற மாட்டார். பேடில்களை ஒன்றோடொன்று முகத்துக்கு முகம் வைத்தோ, காற்றில் தூக்கிப் பிடித்தோ டிஸ்சார்ஜ் செய்யவே கூடாது. பேப்பர் ஸ்ட்ரிப் வெளியே வந்தால் அதைக் கிழித்து ரெஜிஸ்டரில் ஒட்டுங்கள். தேதியும் ஜூலும் அச்சான ஸ்ட்ரிப்பைப் பொய்யாக எழுத முடியாது. பேப்பர் ரோல் இருக்கிறதா, மெஷினின் கடிகாரம் சரியா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

சோதனை தோற்றால் உடனே மெஷினைக் குறை சொல்லாதீர்கள். போன தடவை தடவிய ஜெல் பேடிலில் காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்தாலும் தோற்கும். துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். திரையில் SYNC என்று எரிகிறதா என்றும் ஒரு பார்வை. முன்பு கார்டியோவெர்ஷன் செய்தவர் அதை அணைக்காமல் விட்டிருந்தால், சில மெஷின்களில் அது அப்படியே நிற்கும். வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷனில் மெஷின் பிடித்துக்கொள்ள ஆர் அலை கிடையாது. பட்டனை எவ்வளவு அழுத்தினாலும் ஷாக் போகாது. எல்லாம் முடிந்து பிளக்கைச் செருகியதும், சார்ஜிங் விளக்கு எரிவதைக் கண்ணால் பார்த்த பிறகே நகருங்கள்.

சக்ஷனில் மோட்டார் சத்தம் கேட்டாலே திருப்தியாகிவிடுகிறோம். மோட்டார் ஓடுவது வேறு, இழுப்பது வேறு. நோயாளி பக்கத்து ட்யூபின் நுனியைக் கட்டைவிரலால் அடைத்து, ரெகுலேட்டரை முழுதாகத் திறந்து, கேஜைப் பாருங்கள். முள் நாலைந்து நொடிக்குள் 300 மி.மீ. பாதரசத்தைத் தாண்ட வேண்டும். வாய் நிறைய வாந்தி உள்ளவருக்கு அந்த இழுப்பு தேவை. (எண்டோட்ரக்கியல் ட்யூபுக்குள் விடும்போது 150-க்குள் குறைத்துக்கொள்வது வேறு விஷயம்.)

ஒரு காலையில் முள் 180-லேயே நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் பாதி பாதியாகப் பிரித்துத் தேடலாம். நீள ட்யூபை ஜாடியிலிருந்து கழற்றி, ஜாடி மூடியின் வாயையே விரலால் அடையுங்கள். முள் ஏறினால் குற்றவாளி ட்யூப்தான், எங்கோ விரிசல். அப்போதும் 180 என்றால், ஜாடிக்குப் போகும் குட்டை ட்யூபை மெஷின் பக்கம் கழற்றி, மெஷினின் வாயை அடையுங்கள். இப்போது முள் விர்ரென்று 500-க்குப் போனால் மோட்டார் நன்றாகவே இருக்கிறது, கசிவு ஜாடியிலோ குட்டை ட்யூபிலோதான். பெரும்பாலும் இரவில் ஜாடியைக் கழுவியவர் மூடியின் வாஷரைக் கோணலாக வைத்திருப்பார், அல்லது வாஷர் கழுவும் தொட்டியிலேயே கிடக்கும். மெஷின் வாயிலும் ஏறவில்லை என்றால் மட்டும் மெக்கானிக்.

இன்னொரு வகையும் உண்டு. முள் நன்றாக ஏறும், ட்யூப் நுனியில் மட்டும் இழுப்பே இருக்காது. ஜாடியின் மிதவை மேலே ஒட்டிக்கொண்டாலும், ஃபில்டர் நனைந்து அடைத்தாலும் இப்படி ஆகும். அதனால் கடைசியாக ஒரு டம்ளர் தண்ணீரை இழுத்துப் பார்த்து, ஜாடியைக் காலி செய்துவிடுங்கள். கரண்ட் போனால் என்ன செய்வது என்பதற்குக் காலால் மிதிக்கும் சக்ஷன் ஒன்று டிராலியின் கீழ்த்தட்டில் இருக்கட்டும். அதற்கும் இதே கட்டைவிரல் சோதனைதான்.

மருந்துகளுக்கு வருவோம். தினமும் எல்லா ஆம்பியூலையும் எண்ணச் சொல்லும் தாள்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. நாலாம் நாள் எண்ணாமலே எண்ணிக்கை எழுதப்படும். டிராயரை நம்பர் போட்ட பிளாஸ்டிக் சீலால் பூட்டி, வெளியே இரண்டு விவரம் எழுதுங்கள்: சீல் நம்பர், உள்ளே இருப்பதில் முதலில் எக்ஸ்பைரி ஆகும் மருந்தின் பெயரும் மாதமும். காலையில் அந்த இரண்டையும் பார்த்தால் போதும். சீல் உடைந்திருந்தால், யார் எதற்கு உடைத்தார்கள் என்று கேட்டு, முழுதாக எண்ணி நிரப்பி, புது சீல் போட வேண்டும்.

எத்தனை வைப்பது என்பதை டோஸிலிருந்து கணக்குப் போடுங்கள். கார்டியாக் அரெஸ்டில் அட்ரினலின் 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒரு தடவை 1 மி.கி., அதாவது ஓர் ஆம்பியூல். பத்து இருந்தால் அரை மணி நேரமாவது தாங்கும், அதற்குள் பார்மசிக்கு ஆள் போய் வரலாம். அமியோடரோன் முதலில் 300 மி.கி., பிறகு 150. ஆம்பியூல் 150 மி.கி. என்பதால் மூன்று இல்லாவிட்டால் ஒரு நோயாளிக்கே போதாது. அட்ரோபின் 0.6 மி.கி. ஆம்பியூல், மொத்த உச்சவரம்பு 3 மி.கி., எனவே ஐந்து. ஆனால் நான் திறந்து பார்த்த டிராயர்கள் சிலவற்றில் அட்ரோபின் இருபதும் அட்ரினலின் மூன்றும் கிடந்தன. இதயம் நின்றுபோனால் வழக்கமாக அட்ரோபின் போடும் பழக்கத்தை அமெரிக்க ஹார்ட் அசோசியேஷன் 2010-லேயே கைவிட்டது. டிராயர்களுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூல் இந்த டிராயருக்குள் வரவே கூடாது. அவசரத்தில் கை மாறி அது நேராக நரம்பில் ஏறினால் இதயம் நின்றுவிடும்.

இவ்வளவும் பார்த்து ஒன்று தோற்றால், தாளில் டிக்குக்கும் பெருக்கல் குறிக்கும் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு கட்டம் வேண்டும்: ‘பதிலுக்கு எது, எங்கே?’ டீஃபிப் பேட்டரி போய்விட்டது என்றால் ‘கேஷுவால்டி மெஷின், அங்குள்ள சிஸ்டரிடம் காலை 7.40-க்குச் சொல்லியாயிற்று’ என்று எழுதி, அதையே வார்டு போர்டிலும் எழுதுங்கள். பழுதான மெஷினை டிராலியிலிருந்து இறக்கிவிடுங்கள். அங்கேயே இருந்தால் அவசரத்தில் யாராவது அதைத்தான் தள்ளிக்கொண்டு ஓடுவார்கள்.